ஆறு கோல் வாங்கிய நாளில் என்ன எழுதுவது

ஒரு கால்பந்து கிளப்பின் சமூக ஊடகப் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மேட்ச் நாளில் காலை முதல் இரவு வரை வெளிவரும் கேப்ஷன்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஜெயிக்கிற நாளில் இது சுலபமான வேலை. எதைப் போட்டாலும் லைக் விழும், எழுத்துப்பிழை இருந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மோசமாகத் தோற்ற நாளில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு சொல்லையும் பிரித்து மேய்வார்கள். காலையில் போட்ட போஸ்ட்டைத் தோண்டி எடுத்து வந்து ஸ்கோருக்குக் கீழே ஒட்டுவார்கள்.

இந்த சீசனில் எதிரணியின் மைதானத்தில் 6–0 என்று தோற்றோம். 9ஆவது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. 31ஆவது நிமிடத்தில் பெனால்டி. இடைவேளையில் 3–0. அப்புறம் 52ஆவது நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரர் காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே ஒரு கோல். 88ஆவது நிமிடத்தில் ஆறாவது. அந்த ஒரு நாளை முழுதாக எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் என்ன போட்டோம், எதைப் போடவில்லை, ஏன் என்று எழுதலாம் என்று தோன்றியது. கேப்ஷனின் தொனி, நீளம், ஹேஷ்டேக் எல்லாம் நல்ல நாளில் சும்மா அலங்காரம் மாதிரி தெரியும். அவை எதற்காக இருக்கின்றன என்பது இந்த மாதிரி நாளில்தான் புரியும்.

முதலில் காலை. தோல்வி கேப்ஷனைக் கடைசி விசில் ஊதிய பிறகுதான் எழுதுகிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் பாதி காலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. காலையில் எந்தக் குரலில் பேசினோமோ அந்தக் குரலைத்தான் இரவிலும் மக்கள் எதிர்பார்ப்பார்கள். மதியம் வரை மார்தட்டிவிட்டு இரவில் திடீரென்று பணிவாகப் பேசினால் அது பணிவாகவே கேட்காது.

எங்கள் குழுவில் கிராஃபிக்ஸ் செய்கிற தம்பி ஒருவன் இருக்கிறான், நல்ல திறமைசாலி. அன்று காலை அவன் அனுப்பிய போஸ்டரில் எங்கள் ஸ்ட்ரைக்கர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்து நின்றார். மேலே ‘இன்று வேட்டை நாள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “அக்கா, செமயா இருக்குல்ல?” என்று கேட்டான். செமயாகத்தான் இருந்தது. அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: இதற்குக் கீழே 4–0 தோல்வி என்று எழுதிப் பார்.

இதுதான் நான் எல்லாக் காலை போஸ்ட்டுக்கும் வைக்கும் சோதனை. எழுதிய வரிக்குக் கீழே மிக மோசமான ஸ்கோரை மனதுக்குள் வைத்துப் படிக்க வேண்டும். அப்போதும் அந்த வரி நின்றால் போடலாம். ‘இன்று வேட்டை நாள்’ நிற்காது. இரவு ஒன்பது மணிக்கு எதிரணி ரசிகர்கள் வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை, எங்கள் போஸ்டரையே திருப்பிப் போட்டால் போதும். ‘மாலை 5 மணி. வெளியூர் மைதானம். வருகிறவர்கள் நீலச் சட்டையில் வாருங்கள்’ என்றால் நிற்கும். அதில் உற்சாகத்துக்கும் குறைவில்லை. நம் ஆட்களைப் பற்றி, நம் ரசிகர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் ஆசையாகப் பேசலாம். முடிவைப் பற்றியும் எதிரணியைப் பற்றியும் பேசும்போதுதான் வாய்க்கு வந்ததை எழுதக் கூடாது. தம்பி படத்தை மாற்றவில்லை, மேலே இருந்த வரியை மட்டும் மாற்றினான். மேட்ச் நேரமும் மைதானமும் அங்கே வந்தன.

ஜெயித்த நாளிலும் இந்தக் கவனம் தேவை. 2020 டிசம்பர் 29 அன்று லீட்ஸ் யுனைடெட், வெஸ்ட் புரோம்விச் மைதானத்தில் 5–0 என்று அபாரமாக ஜெயித்தது. தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசிய முன்னாள் இங்கிலாந்து வீராங்கனை கேரன் கார்னி, முந்தைய சீசனில் கொரோனாவால் வந்த இடைவெளி லீட்ஸ் பிரீமியர் லீக்குக்கு முன்னேறுவதற்கு உதவியது என்ற பொருளில் பேசியிருந்தார். கிளப்பின் அதிகாரப்பூர்வப் பக்கம் அந்த வீடியோ துண்டை எடுத்துப் போட்டு அவரைக் கிண்டல் செய்தது. அப்புறம் அவர் மேல் வசை மழை கொட்டியது. அவர் தன் ட்விட்டர் கணக்கையே நீக்கிவிட்டார். கிளப் பக்கம் ஒருவரைச் சுட்டிக்காட்டினால் பின்னால் இருக்கும் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு தனி ரசிகர் செய்யும் கிண்டலுக்கு அந்த எடை கிடையாது. அதனால் தனி மனிதர்களைக் கேலி செய்யும் கேப்ஷன் எங்கள் பக்கத்தில் எந்த நாளிலும் வராது. எதிரணி வீரர், நடுவர், வர்ணனையாளர், யாராக இருந்தாலும் சரி.

இனி ஆட்டம் நடக்கும் நேரம். இங்கேதான் நீளம் பற்றிப் பேச வேண்டும். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 என்பது எல்லை. தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாம் எழுத்து என்று எண்ணுவதை அந்தத் தளம் அப்படி எண்ணாது. ‘முழுநேரம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. அங்கே ஒன்பது. புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி என்று ஒவ்வொரு குறியையும் அது சேர்த்து எண்ணும். ஒரு எமோஜிக்கு இரண்டு போகும். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 போகும். ஆக நம் கையில் இருப்பது 280 எழுத்து இல்லை, ஏறக்குறைய அதில் பாதிக்குச் சற்று மேல். இன்ஸ்டாகிராமில் 2,200 வரை இடம் இருக்கிறது. ஆனால் விரல் நிற்காமல் போகிறவர் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான், மீதி மடிந்துவிடும். இரண்டு இடத்துக்கும் சேர்த்து என் பழக்கம் ஒன்றுதான்: முதல் வரியிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பின் வருவதை யாரும் படிக்காவிட்டாலும் குறை தெரியக் கூடாது.

கோல் கேப்ஷனுக்கு நிமிடம், யார் அடித்தார், ஸ்கோர் என்ன, இவை மூன்றும் போதும். நாம் அடித்தால் ஒரு துள்ளல் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கினால் வேண்டாம். 9ஆவது நிமிடக் கோலுக்கு நாங்கள் எழுதியது, ‘9’ – கார்னரிலிருந்து தலையால் முட்டி முன்னிலை பெறுகிறார்கள். 1–0.’ அவ்வளவுதான். சில கிளப்புகள் தாங்கள் வாங்கும் கோலைப் போடுவதே இல்லை. அடுத்த போஸ்ட்டில் ஸ்கோர் மட்டும் திடீரென்று மாறியிருக்கும். எனக்கு அது பிடிக்காது. வேலையில் இருந்துகொண்டு, பயணத்தில் இருந்துகொண்டு நம் பக்கத்தை நம்பித்தான் பல ரசிகர்கள் ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். அவர்களிடம் கோலை மறைத்தால், அடுத்த முறை ஸ்கோர் தெரிய வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

ஸ்கோரை எழுதும் வரிசையும் முக்கியம். உள்ளூர் அணியை முதலில் எழுதுவது கால்பந்தில் பெரும்பாலும் இருக்கும் வழக்கம். அன்று நாங்கள் விருந்தாளி, ஆகவே அவர்கள் பெயர் முதலில். இந்த வரிசையை முதல் போஸ்ட்டிலிருந்து கடைசிப் போஸ்ட் வரை மாற்றக் கூடாது. ஜெயிக்கும்போது நம் பெயரை முன்னால் போட்டு, தோற்கும்போது பின்னால் தள்ளுகிற பக்கங்கள் உண்டு. ரசிகர்கள் அதைச் சரியாகக் கவனித்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், அவசரம். வீடியோ நடுவர் இருக்கும் ஆட்டங்களில் பந்து வலைக்குள் போனதும் கோல் போஸ்ட் போட்டுவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஆஃப்சைடு என்று அதைத் திரும்பப் பெறும் கொடுமையைப் பார்த்திருப்பீர்கள். மையக் கோட்டிலிருந்து ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை நான் ஸ்கோரை மாற்றுவதில்லை. சாதாரண ஆட்டங்களிலும் அப்படித்தான். யார் அடித்தார் என்பதில் சந்தேகம் இருந்தால் பெயரைப் பிறகு போடலாம், முதலில் ஸ்கோர் மட்டும் போதும்.

52ஆவது நிமிடக் கோலுக்கு வருகிறேன். எங்கள் பையன் ஓடி வந்து பந்தைத் தடுக்கக் காலை நீட்டினான், பந்து காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போய்விட்டது. ஸ்கோர்ஷீட்டில் அவன் பெயர் வரும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் கேப்ஷனில் வர வேண்டிய அவசியம் இல்லை. ‘52’ – நம் காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போகிறது. 4–0’ என்று எழுதினோம். இதில் பொய் இல்லை, மறைப்பும் இல்லை. நடந்தது என்ன என்று படிப்பவருக்குத் தெரிகிறது. அவன் பெயரைப் போட்டு, பழக்க தோஷத்தில் அவன் கணக்கையும் டேக் செய்திருந்தால் என்ன ஆகும்? கோபத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவனுடைய இன்பாக்ஸ் வாசலை நாங்களே திறந்துவிட்டது போல் ஆகியிருக்கும். 2021 ஜூலையில் யூரோ இறுதி ஆட்டத்தில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவருக்கும் சமூக ஊடகத்தில் நடந்த இனவெறி வசையை உலகமே பார்த்தது. அந்த அளவுக்குப் போகாத சின்ன கிளப்பிலும் இருபது வயதுப் பையனுக்கு இரவு முழுக்க வரும் வசை வசைதான். தோற்கும் ஆட்டத்தில் நம் வீரர் பெயர் நல்ல காரணத்துக்காக மட்டுமே கேப்ஷனில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தவறவிட்ட பெனால்டி, சொந்த வலைக் கோல் இரண்டுக்கும் இது பொருந்தும். சிவப்பு அட்டைக்கு மட்டும் பெயரைத் தவிர்க்க முடியாது, யார் வெளியேறினார் என்பது தகவல். அங்கே பெயர் போடலாம், டேக் வேண்டாம், படமும் வேண்டாம்.

ஹேஷ்டேக்கை நான் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இரண்டே கேள்விகள்தான் உண்டு: எத்தனை, எப்போது எடுப்பது. ஒரு போஸ்ட்டுக்கு இரண்டு போதும். ஒன்று ஆட்டத்துக்கானது, இன்னொன்று கிளப்புக்கானது. ஆட்டத்துக்கானது பெரும்பாலும் இரண்டு அணிகளின் மும்மூன்று எழுத்துச் சுருக்கத்தைச் சேர்த்தது, உள்ளூர் அணி முதலில். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலும் ஜெர்மனியும் மோதியபோது `#BRAGER` என்று இருந்தது அப்படித்தான். ஆங்கிலத்தில் பல சொற்களைச் சேர்த்து ஹேஷ்டேக் அமைத்தால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்குங்கள். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அப்போதுதான் சொல்லைப் பிரித்து வாசிக்கும். நடுவில் இடைவெளியோ இணைப்புக் கோடோ வந்தால் அந்த இடத்திலேயே ஹேஷ்டேக் அறுந்துவிடும். தமிழில் அமைத்தால் மேட்ச் நாளுக்கு முன்பே ஒரு சோதனைக் கணக்கில் போட்டு, தொட்டால் முழுச் சொல்லும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எப்போது எடுப்பது என்பதுதான் தோல்வி நாளின் கேள்வி. அந்த பிரேசில்–ஜெர்மனி ஆட்டம் 7–1 என்று முடிந்தது. அன்று அந்த ஆட்டத்தைப் பற்றி 3.56 கோடி ட்வீட்கள் வந்தன, அதுவரை எந்த விளையாட்டு ஆட்டத்துக்கும் வராத எண்ணிக்கை. பெரிய தோல்வி என்றால் ஹேஷ்டேக்கைத் தேடி வருகிறவர்களில் நம் ரசிகர்கள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்களே அதிகம். ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தின் ஹேஷ்டேக்கை நான் எடுப்பதில்லை, அதை வைத்துத் தொடர்கிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் முழுநேர போஸ்ட்டிலிருந்து அதை எடுத்துவிடுவேன். அதன்பின் நாம் பேசுவது நம் ஆட்களோடு மட்டும். கிளப்பின் முழக்க ஹேஷ்டேக் இன்னும் முன்னாலேயே போக வேண்டும். ‘அஞ்சோம்’, ‘வெல்வோம்’ வகை முழக்கங்களை 4–0க்குக் கீழே பார்த்தால் நம்மை நாமே குத்திக்காட்டுவது மாதிரி இருக்கும். அன்று மூன்றாவது கோலோடு அதை நிறுத்தினோம்.

இடைவேளையில் 3–0 என்று இருந்தபோது நான் கேப்ஷன் எதுவும் யோசிக்கவில்லை. முதலில் ஷெட்யூல் பட்டியலைத் திறந்தேன். மோசமான தோல்வி நாளில் கிளப்புகள் மாட்டிக்கொள்வது அந்த நேரத்தில் யோசித்து எழுதிய வரியால் பெரும்பாலும் இல்லை, இரண்டு நாள் முன்பே எழுதி வைத்துவிட்டு மறந்துபோன வரியால்தான். எங்கள் பட்டியலில் அன்று நான்கு இருந்தன. ஆட்டம் முடிந்ததும் ஸ்பான்சர் பெயரில் ஆட்டநாயகன் வாக்கெடுப்பு. அடுத்து புதிய ஜெர்ஸிக்கான விளம்பரம், ‘பெருமையோடு அணியுங்கள்’ என்ற வரியோடு. இரவு எட்டரைக்கு அடுத்த உள்ளூர் ஆட்டத்தின் டிக்கெட் அறிவிப்பு. அப்புறம் பழைய வெற்றி ஒன்றின் நினைவு வீடியோ. நான்கும் தானாகவே வெளியே போயிருக்கும். 6–0 தோல்விக்குப் பின் ‘இன்றைய நாயகன் யார்?’ என்று கேட்டால் எதிரணி கோல் அடித்தவர் பெயரைத்தான் நம் ரசிகர்களே எழுதுவார்கள், அதில் ஸ்பான்சரின் லோகோவும் சேர்ந்து அடி வாங்கும்.

எதையும் நான் அழிக்கவில்லை, வரைவுக்கு மாற்றிவைத்தேன். இப்படிச் செய்ய உரிமை நமக்கு இருக்க வேண்டும் என்றால் அதை ஒப்பந்தம் போடும்போதே பேசியிருக்க வேண்டும். மூன்று கோலுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றால் அன்றைய ஸ்பான்சர் போஸ்ட் அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளிப்போகும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. எந்த ஸ்பான்சரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை, அவர்களுக்கும் அதுதான் நல்லது. உங்கள் கிளப்பில் அந்த வரி இல்லை என்றால் அடுத்த முறை சேர்த்துவிடுங்கள்.

இப்போது முழுநேரம். விசில் ஊதும்போது குழுவில் மூன்று வரைவுகள் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலாவது தம்பி எழுதியது: ‘கடினமான நாள். ஆனால் நாம் இன்னும் பலமாக மீண்டு வருவோம்! 💪’ எல்லாக் கிளப்பும் எல்லாத் தோல்விக்கும் போடுகிற வரி இது. இதில் ஸ்கோர் இல்லை, அது முதல் குறை. 1–0 தோல்விக்கும் 6–0 தோல்விக்கும் ஒரே வரி பொருந்துகிறது என்றால் அது இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். ‘மீண்டு வருவோம்’ என்பது வாக்குறுதி. அடுத்த ஆட்டத்திலும் தோற்றால் இதே போஸ்ட் திரும்பி வரும். அந்த எமோஜியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது கிளப் தலைவரிடமிருந்து வந்தது. அவர் உண்மையிலேயே மனம் நொந்திருந்தார். ‘இது வெட்கக்கேடு. ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இப்படி ஆடியவர்கள் இந்தச் சட்டைக்குத் தகுதியற்றவர்கள்’ என்று எழுதியிருந்தார். ரசிகர்கள் இதற்குக் கைதட்டியிருப்பார்கள், அதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் இன்னும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் அவர்கள் கையில் இருக்கும் போனில் அவர்களுடைய கிளப்பே அவர்களைத் தகுதியற்றவர்கள் என்கிறது. தலைவருக்கு போன் செய்தேன். “ஐயா, இதை நீங்கள் நேரில் அவர்களிடம் சொல்லலாம், உங்கள் பெயரில் நாளை அறிக்கையாகவும் கொடுக்கலாம். கிளப் பக்கத்திலிருந்து இப்போது போனால் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சரி என்றார்.

மூன்றாவது என்னுடையது. அதிலும் முதலில் ‘இன்றைய ஆட்டத்துக்குச் சாக்குப்போக்கு எதுவும் இல்லை’ என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். தலைவரிடம் பேசிவிட்டு வந்து படித்தபோது அதுவும் வேண்டாம் என்று எடுத்தேன். கேட்க நேர்மையாக இருந்தாலும் அதுவும் ஒரு தீர்ப்புதான். ஆட்டத்தை எடைபோடும் முதல் உரிமை பயிற்சியாளருக்கும் கேப்டனுக்கும். வெளியே போனது இது:

‘முழுநேரம். 6–0 என்ற கணக்கில் தோல்வி. இவ்வளவு தூரம் வந்து, கடைசி நிமிடம் வரை இருந்தவர்களுக்கு நன்றி.’

கூடவே இரண்டு அணிகளின் சின்னமும் ஸ்கோரும் உள்ள வழக்கமான கார்டு. ஹேஷ்டேக் இல்லை. எமோஜி இல்லை. டேக் இல்லை. ஜெயித்த நாளில் பயன்படுத்தும் அதே அளவு கார்டு, அதே எழுத்துரு, விசில் ஊதிய சில நிமிடங்களில் அதே வேகத்தில். தோற்றால் கார்டைச் சின்னதாக்குவது, கறுப்பு வெள்ளையாக்குவது, ஒரு மணி நேரம் தாமதிப்பது இதையெல்லாம் நான் செய்வதில்லை. கார்டுக்கான மாற்று உரையிலும், அதாவது படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காகச் சேர்க்கும் விவரத்திலும், ஸ்கோரை முழுதாக எழுதினோம். படம் தேடும்போதும் கவனம் வேண்டியிருந்தது. எங்கள் போட்டோகிராபர் அனுப்பியதில் மிக அருமையான படம், கோல்கீப்பர் மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டிருப்பது. பத்திரிகைக்காரர் அதைப் போடலாம், அவர் வேலை அது. அந்தப் பையனுடைய சொந்த கிளப் போடக் கூடாது.

நன்றி வரியைப் பற்றி ஒரு சொல். அது சம்பிரதாயம் மாதிரி தெரியலாம். ஆனால் அந்த மைதானத்தில் நம் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லாமல் தங்கள் பங்கைச் செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களைப் பற்றிச் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஒருவேளை நம் ரசிகர்கள் பாதியில் எழுந்து போயிருந்தால் ‘கடைசி நிமிடம் வரை’ என்று எழுதியிருக்கக் கூடாது. அன்று தம்பி கேலரியில்தான் இருந்தான். ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அந்தச் சொற்களைச் சேர்த்தேன்.

மன்னிப்பு? அது வர வேண்டிய இடம் வேறு. விகன் அத்லெடிக் 2009 நவம்பரில் டாட்டன்ஹாமிடம் 9–1 என்று தோற்றது. அங்கே வந்திருந்த தங்கள் ரசிகர்களின் டிக்கெட் பணத்தை விகன் வீரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். சவுத்தாம்ப்டன் 2019 அக்டோபர் 25 அன்று சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 9–0 தோற்றது. அதன் வீரர்களும் பயிற்சிக் குழுவும் அன்றைய சம்பளத்தைக் கிளப்பின் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இவை வீரர்களிடமிருந்து வந்தவை, கையில் ஒரு செயலோடு வந்தவை. அப்படி ஒன்று நடந்தால் அதை நேர்த்தியாகச் சொல்வது கேப்ஷன் எழுதுகிறவர் வேலை. அது நடக்காதபோது அட்மின் உட்கார்ந்து அழகான மன்னிப்பு எழுதினால் படிக்கிறவர்களுக்கு அது வெறும் எழுத்து என்று தெரிந்துவிடும்.

இரவு வேலை கமென்ட் பகுதியில். திட்டுகிற கமென்ட்டை நாங்கள் நீக்கவில்லை. ‘டிஃபென்ஸ் என்று ஒன்று இருக்கிறதா?’, ‘கோச் போக வேண்டும்’, ‘பயணச் செலவைத் திருப்பிக் கொடுங்கள்’, இதெல்லாம் அப்படியே இருந்தது. காசு செலவழித்து வந்தவர்களுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. கமென்ட்டை மூடினால் அந்தக் கோபம் அடங்காது, நேராக வீரர்களின் பக்கங்களுக்குப் போகும். குடும்பம், சாதி, மதம், நிறம் என்று இழுக்கிறவற்றை உடனே நீக்கினோம், மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் புகார் கொடுத்தோம். இன்ஸ்டாகிராமில் குறிப்பிட்ட சொற்கள் உள்ள கமென்ட்டைத் தானாக மறைக்கும் வசதி இருக்கிறது. அதில் கெட்ட வார்த்தைகளோடு அந்தத் தடுப்பாட்டக்காரர் பெயரையும் இரண்டு நாளைக்குச் சேர்த்து வைத்தோம். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல விதமாக எழுதுவார்கள், அவன் பட்டப்பெயரையும் விட மாட்டார்கள், எல்லாவற்றையும் போட வேண்டும். அவனுடைய கணக்கிலும் அதைச் செய்துகொள்ளச் சொல்லி, எப்படி என்று டீம் மேனேஜர் வழியாகச் சொல்லி அனுப்பினேன்.

யாருக்கும் பதில் எழுதவில்லை. நல்லபடியாக எழுதியவர்களுக்குக்கூட லைக் போடவில்லை, யாருக்கு லைக் விழுந்தது என்பதையும் அன்று எண்ணுவார்கள். எதிரணியின் அட்மின் எங்களை டேக் செய்து ஒரு சின்ன கிண்டல் போட்டிருந்தார். நல்ல கிண்டல்தான், வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று எழுதியிருப்பேன். ஆறு கோல் வாங்கிய இரவில் நம் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தால் நம் ரசிகர்களுக்கு அது தாங்காது. காலையில் போட்ட போஸ்ட்டுகளையும் தொடவில்லை. அழித்தால் அழித்தது தெரியும், அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பயிற்சியாளரின் பேட்டி. இங்கேதான் முதல் முறையாக நீளமாக எழுத இடம் கிடைக்கிறது, இங்கும் முதல் வரி அவர் சொன்னதாகவே இருக்க வேண்டும். பேட்டியில் அவர் நிறையப் பேசியிருந்தார். அதில் ‘நடுக்களத்தில் ஆளே இல்லாமல் விட்டது என் முடிவு, அது தப்பான முடிவு’ என்பதை எடுத்து கேப்ஷனில் முதலில் வைத்தோம், அப்புறம் முழு வீடியோ. நடுவரின் பெனால்டி முடிவைப் பற்றியும் அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். அது வீடியோவில் இருக்கிறது, வெட்டவில்லை. கேப்ஷனுக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான். 6–0 தோல்வியில் ஒரு பெனால்டியைப் பற்றிப் பேசினால் அது மட்டும்தான் செய்தியாகும்.

அதன்பின் இரண்டு நாள் பக்கம் அமைதியாக இருந்தது. இளையோர் அணியின் ஆட்ட முடிவு ஒன்று, காயம் பற்றிய தகவல் ஒன்று, இவ்வளவுதான் போட்டோம். மூன்றாவது நாள் பயிற்சிப் படங்கள் வந்தன. வீரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் படங்களைத் தள்ளி வைத்துவிட்டு, ஓடுகிற படங்களை எடுத்தோம். ‘செவ்வாய் காலை, பயிற்சி’ என்று மட்டும் எழுதினோம். நிறுத்தி வைத்த டிக்கெட் அறிவிப்பு புதன்கிழமை போனது, வரைவில் இருந்த உற்சாக வரிகளை எடுத்துவிட்டு நாள், நேரம், விலை மட்டும் வைத்து. ஜெர்ஸி விளம்பரம் அடுத்த வாரம்தான். கிண்டலும் கேலியும் பக்கத்துக்குத் திரும்புவதற்கு நான் நாள் கணக்கு வைப்பதில்லை. அடுத்த வெற்றி வரும் வரை அது காத்திருக்கும். டிரா ஆனாலும் இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் தம்பி ஒரு வரைவு அனுப்பினான். ‘சென்ற வாரத்துக்குப் பதில் சொல்லும் நேரம்’ என்று இருந்தது. இந்த முறை நான் எதுவும் சொல்வதற்கு முன் அவனே இன்னொரு செய்தி அனுப்பினான்: “அக்கா, 0–4 போட்டுப் பார்த்தேன், நிக்கல. மாத்தி அனுப்புறேன்.” அடுத்து வந்ததில் மைதானம், நேரம், எந்த வாயில் எப்போது திறக்கும் என்ற விவரம், கீழே இரண்டு ஹேஷ்டேக். அதையே போட்டோம்.